ரவுண்ட் பண்ணினால் இரண்டு ஆப்ஷனுக்கு நடுவில் நிற்கிறேன்: அப்ராக்ஸிமேஷன் கணக்குகளில் என்ன செய்வது?

"அக்கா, கடலூர் திருப்பாதிரிப்புலியூர்ல இருந்து கேட்கிறேன். பேங்க் பிரிலிம்ஸுக்குப் படிச்சிட்டு இருக்கேன். மாக் டெஸ்ட்ல வந்த கணக்கு: 67.8% × 1245 + 39.6² ÷ 12.3 − √2750 = ? ஆப்ஷன் 880, 900, 920, 945, 970. எல்லாத்தையும் ரவுண்ட் பண்ணிப் போட்டேன், 931 வந்துச்சு. 920-ஆ 945-ஆன்னு தெரியல. எவ்வளவு தூரம் ரவுண்ட் பண்ணலாம்? வர்க்கம் எதுவரைக்கும் மனப்பாடமா இருக்கணும்?"

விடை 920, தம்பி. நீங்கள் அதிகமாக ரவுண்ட் பண்ணிவிட்டீர்கள் என்று சொல்ல மாட்டேன். எடுத்த எண்களெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்துவிட்டன, அதுதான் சிக்கல்.

931 எப்படி வந்திருக்கும் என்று பின்னாலிருந்து போட்டுப் பார்த்தேன். 68% × 1250 = 850. 40² = 1600, அதை 12-ஆல் வகுத்தால் 133. √2750-க்கு 52. ஆக 850 + 133 − 52 = 931. இப்போது ஒவ்வொரு இடத்திலும் விடை எந்தப் பக்கம் தள்ளப்பட்டது என்று பாருங்கள். 67.8-ஐ 68 ஆக்கியதும் மேலே, 1245-ஐ 1250 ஆக்கியதும் மேலே. 39.6-ஐ 40 ஆக்கியது மேலே. 12.3-ஐ 12 ஆக்கியபோது எண் குறைந்தது, ஆனால் அது வகுக்கிற எண், அதனால் விடை ஏறியது. கடைசியாக, 52.4-ஐ 52 ஆக்கியது கழிக்கிற இடத்தில், அதுவும் விடையை மேலேதான் தள்ளியது. ஐந்து தள்ளலும் ஒரே திசையில். முதல் உறுப்பில் சுமார் 6, இரண்டாவதில் சுமார் 6, மூன்றாவதில் அரை என்று மொத்தம் 12 கூடிவிட்டது. உண்மையான மதிப்பு 919.2.

அதே கணக்கை அதே வேகத்தில், பக்கம் பார்த்துப் போடுவோம். 68% × 1250 = 850 என்பது நல்ல எண், விட மனசு வராது. அப்படியே வைத்துக்கொள்ளலாம். ஆனால் 67.8 என்பது 68-ஐ விட 0.3% குறைவு, 1245 என்பது 1250-ஐ விட 0.4% குறைவு, இரண்டும் சேர்ந்து 0.7%. 850-இல் 0.7% சுமார் 6. ஆகவே 844. பெருக்கலில் இரண்டு எண்களின் சதவீதப் பிழைகளும் கூடும் என்பது மட்டும் தெரிந்தால் போதும், இதற்கு ரஃப் ஷீட்டில் ஒரு வரிகூட ஆகாது.

அடுத்தது 39.6² ÷ 12.3. மேலே 40² = 1600 என்று எடுத்துவிட்டோம். 39.6-க்கும் 40-க்கும் 1% வித்தியாசம், வர்க்கத்தில் அது 2% ஆகும். மேலே 2% கூட்டியாயிற்று என்றால் கீழேயும் அதே பக்கமாகக் கூட்ட வேண்டும். 12.3-ஐ 12 ஆக்காமல் 12.5 ஆக்குங்கள். அது 1.6% கூடுதல், மேலே கூட்டியதை ஏறக்குறைய அடித்துவிடும். 1600 ÷ 12.5 = 128. உண்மை 127.5. அதோடு 12.5-ஆல் வகுப்பது 12-ஆல் வகுப்பதைவிட எளிது, எட்டால் பெருக்கி நூறால் வகுத்தால் முடிந்தது. 844 + 128 − 52 = 920. யோசிக்க ஒன்றும் மிச்சமில்லை.

திசைக்கு வேண்டிய விதி இவ்வளவுதான். பெருக்கலில் ஒன்றை ஏற்றினால் மற்றதை இறக்கு. வகுத்தலில் மேலே ஏற்றினால் கீழேயும் ஏற்று. கூட்டலில் ஒரு உறுப்பு கூடியிருந்தால் அடுத்த உறுப்பைக் குறைத்து எடு. கழித்தலில் இரண்டையும் ஒரே பக்கம் நகர்த்து. என்னிடம் படிக்கிற பிள்ளைகளிடம் ரவுண்ட் பண்ணிய எண்ணுக்குத் தலையில் சின்னதாக ஒரு அம்புக்குறி போடச் சொல்வேன், அந்த மாற்றத்தால் விடை ஏறினால் மேல்நோக்கி, இறங்கினால் கீழ்நோக்கி. எண் ஏறியதா என்பதை அம்பு காட்டக்கூடாது, விடை ஏறியதா என்பதைக் காட்ட வேண்டும். வகுக்கிற எண்ணில்தான் பிள்ளைகள் இதை மாற்றிப் போடுவார்கள். எல்லா அம்பும் ஒரே பக்கம் பார்த்தால், வந்த விடையை எதிர்ப்பக்கம் நகர்த்திப் படிக்க வேண்டும். உங்கள் 931-இல் எல்லாமே மேல்நோக்கி இருந்ததால், வேறொன்றும் கணக்கிடாமலேயே "உண்மை இதற்குக் கீழேதான்" என்று 920-ஐத் தொட்டிருக்கலாம்.

எவ்வளவு தூரம் ரவுண்ட் பண்ணலாம் என்ற கேள்விக்குப் பதில் கணக்கில் இல்லை, ஆப்ஷனில் இருக்கிறது. கணக்கைப் படித்த கையோடு ஆப்ஷன்களைப் பாருங்கள். மிக நெருங்கிய இரண்டுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்று பார்த்து அதில் பாதியை எடுங்கள். அதுதான் உங்களுக்குக் கிடைத்திருக்கும் சுதந்திரம். உங்கள் கணக்கில் மிகச் சின்ன இடைவெளி 20, பாதி 10. விடை 900 வாக்கில் இருப்பதால் ஒரு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். 12 பிழை வந்தால் நிச்சயம் தடுமாறும், அதுதான் நடந்தது. இதே கணக்குக்கு ஆப்ஷன் 600, 750, 920, 1100, 1300 என்று இருந்திருந்தால் உங்கள் 931 தாராளமாகப் போதும். அங்கே 844-ஐத் தேடிக்கொண்டிருந்தால் நேரம்தான் போகும். கிளர்க் பிரிலிம்ஸில் 20 நிமிடத்தில் 35 கேள்வி என்றால் ஒன்றுக்கு சுமார் 34 விநாடிதான்.

அந்தச் சுதந்திரத்தைப் பெரிய உறுப்பில் செலவழிக்காதீர்கள், சின்ன உறுப்பில் செலவழியுங்கள். மேலே உள்ள கணக்கில் √2750-ஐ 50 என்றே எடுத்தாலும் பிழை இரண்டரைதான். 844 வருகிற உறுப்பில் ஒரு சதவீதம் விட்டால் எட்டு போய்விடும். பல பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வர்க்கமூலத்தைக் கண்டால் பயந்து அதில் தசமம் வரை போவார்கள், பெரிய சதவீதத்தை அப்படியே நூறுக்கு ரவுண்ட் பண்ணிவிடுவார்கள்.

இன்னொரு வகைக் கணக்கு இருக்கிறது, பிரிலிம்ஸில் அதுதான் அதிகம்: 24.98% × 1439.87 + 18.04 × 22.96 − √1368.9 = ? ஆப்ஷன் 710, 725, 737, 745, 760 என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே மேலே சொன்ன எதுவும் வேண்டாம். கேள்வி எடுத்தவர் முதலில் சுத்தமான ஒரு கணக்கை எழுதிவிட்டு, அதன் எண்களில் தசமத்தைத் தூவியிருக்கிறார். 25%, 1440, 18, 23, 1369 என்று அவர் எழுதிய எண்களைத் திரும்பக் கண்டுபிடிப்பதே உங்கள் வேலை. 360 + 414 − 37 = 737. இதைப் பத்துக்கு ரவுண்ட் பண்ணப் போனால் கெட்டுவிடும். 1400-இல் கால் பங்கு 350, 20 × 20 = 400, கழி 37, வருவது 713. உடனே 710 என்று கை போகும். அந்த 710 அங்கே சும்மா வைக்கப்படவில்லை. எண்கள் முழு எண்ணை ஒட்டி .98, .04, .87 என்று இருந்தால் முழு எண்ணுக்கு மேல் ஒரு அடிகூட ரவுண்ட் பண்ணாதீர்கள். எண்கள் 67.8, 39.6 என்று நடுவில் தொங்கினால்தான் அம்புக்குறி வேலை.

1369-ஐப் பார்த்ததும் 37 என்று தெரிய வேண்டும், அங்கேதான் உங்கள் இரண்டாவது கேள்வி வருகிறது. 30² வரை யோசிக்காமல் வாயில் வர வேண்டும், அதற்குக் குறுக்குவழி இல்லை. அதற்கு மேல் மனப்பாடம் தேவையில்லை, பக்கத்து வர்க்கத்திலிருந்து எடுத்துவிடலாம்.

35 முதல் 65 வரை 50-ஐப் பிடித்துக்கொள்ளுங்கள். எண் 50-இலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அதை 25-உடன் கூட்டினால் அல்லது கழித்தால் நூறுகள் கிடைக்கும், தள்ளியிருப்பதன் வர்க்கம் கடைசி இரண்டு இலக்கம். 57 என்றால் 7 கூடுதல்: 25 + 7 = 32, 7² = 49, ஆக 3249. 44 என்றால் 6 குறைவு: 19, 36, ஆக 1936. 38 என்றால் 12 குறைவு: 13, 144, நூறு ஒன்று ஏறி 1444. (50 + d)² = 2500 + 100d + d² என்பதன் வேலைதான் இது, மந்திரம் ஒன்றுமில்லை. 85-க்கு மேல் 100-ஐப் பிடியுங்கள்: 93 என்றால் 7 குறைவு, 93 − 7 = 86, 7² = 49, ஆக 8649. நடுவில் 66-இலிருந்து 84 வரை 70², 75², 80² மூன்றும் கையில் இருந்தால் போதும். 76² வேண்டுமா, 75² = 5625, அதோடு 75 + 76 கூட்டுங்கள், 5776.

இதே வர்க்கங்கள் பெருக்கலுக்கும் உதவும். 47.8 × 52.3 வந்தால் 48 × 52 என்று பாருங்கள், ஒன்று ஏறி ஒன்று இறங்கியிருக்கிறது, திசையும் சரி. 48-க்கும் 52-க்கும் நடு 50, இருபுறமும் 2 தள்ளி, ஆக 50² − 2² = 2496. உண்மை 2499.9. நடு எண் முழுதாக வராவிட்டால், 67 × 72 போல, 68 × 72 = 70² − 2² = 4896 எடுத்து ஒரு 72-ஐக் கழியுங்கள், 4824. சிம்ப்ளிஃபிகேஷனில், அதாவது துல்லியமான விடை கேட்கும் கணக்கில், இது இன்னும் பயன்படும். 73² − 27² + 48 × 52 என்றால் வர்க்கம் போடவே வேண்டாம்: கூட்டல் 100, வித்தியாசம் 46, ஆக 4600, அதோடு 2496, விடை 7096. அங்கே ரவுண்ட் என்ற பேச்சே கூடாது, கேள்விக்கு மேலே தோராய மதிப்பு என்று போட்டிருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

வர்க்கமூலம் எடுக்க: கீழே உள்ள பக்கத்து வர்க்கத்தைக் கழித்து, மீதியை அந்த எண்ணின் இரண்டு மடங்கால் வகுங்கள். √2750-க்கு 52² = 2704, மீதி 46, 46 ÷ 104 = 0.44, ஆக 52.44. இந்த முறையில் விடை எப்போதும் ஒரு துளி கூடுதலாகத்தான் வரும், ஆனால் நமக்கு வருகிற எண்களில் அது பெரும்பாலும் பொருட்படுத்த வேண்டாத அளவு. கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு பஸ்ஸில் வருகிற பிள்ளைகள் இதற்கு ஒரு பழக்கம் வைத்திருக்கிறார்கள். முள்ளோடை தாண்டும்வரை டிஎன் 31 வண்டி, தாண்டினால் பிஒய் 01 வண்டி, எதிரே வருகிற பிளேட்டின் நாலு இலக்கத்துக்கு மூலம் சொல்ல வேண்டும், அடுத்த வண்டி வருவதற்குள். முழு எண் சொன்னால் பாதிதான் சரி, தசமம் .3-க்குக் கீழா, .7-க்கு மேலா, நடுவிலா என்றும் சொல்ல வேண்டும். தேர்வில் அவ்வளவுதான் தேவை. நடுவில் விழுகிற மூலத்தை 12-ஆல் பெருக்கச் சொல்லியிருந்தால் மட்டும் அந்த அரையை விடாதீர்கள். √1480 × 12 என்றால் 38 எடுத்தால் 456, 39 எடுத்தால் 468, உண்மை 461.6.

கேள்விக்குறி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் முக்கியம். 17.02 × 24.97 + ?² = 26.03² என்றால் 676 − 425 = 251, ? சுமார் 16. இங்கே 251 என்பது 245 ஆகவோ 258 ஆகவோ தவறி வந்திருந்தாலும் மூலம் 16-ஐ ஒட்டியே இருக்கும். மூலம் எடுக்கும்போது சதவீதப் பிழை பாதியாகிவிடும், அதனால் ?² இருக்கிற கணக்கில் தைரியமாக ரவுண்ட் பண்ணலாம். ? ஒரு மூலக்குறிக்குள் இருந்தால் தலைகீழ், கடைசியில் வர்க்கம் எடுக்கும்போது பிழை இரட்டிப்பாகும்.

ரவுண்டிங் உண்மையிலேயே கைவிடுகிற இடம் ஒன்று உண்டு. 59.02² − 62.1 × 55.2 = ? ஆப்ஷனில் 55-உம் 71-உம் இருக்கின்றன. முழு எண்ணுக்கு ரவுண்ட் பண்ணினால் 3481 − 3410 = 71. தசமமெல்லாம் சின்னதுதானே என்று 71-ஐ அடித்தால் தப்பு, உண்மை 55.4. மூவாயிரத்துச் சொச்சத்திலிருந்து மூவாயிரத்துச் சொச்சத்தைக் கழித்து ஐம்பது வாக்கில் விடை வருகிறது. பெரிய எண்ணில் அரை சதவீதம் என்பது 17, அது இந்தச் சின்ன விடையில் மூன்றில் ஒரு பங்கு. இரண்டு பெரிய உறுப்புகள் கழிந்து ஆப்ஷன்கள் சின்னதாக இருந்தால் ரவுண்ட் பண்ணிய பிறகு திருத்தம் சேர்த்தே ஆக வேண்டும். 62 × 55 = 3410-உடன் 62 × 0.2 = 12.4, 55 × 0.1 = 5.5 சேர்த்தால் 3427.9. 59² = 3481-உடன் 2 × 59 × 0.02 = 2.4 சேர்த்தால் 3483.4. கழித்தால் 55.5. இது அடிக்கடி வராது, வந்தால் அதற்கு ஒரு நிமிடம் ஆகும், அதனால் கடைசிக்குத் தள்ளிவிடுவது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

சதவீதங்களைப் பின்னமாகப் பார்ப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும், 57.14% என்றால் 4/7, 37.5% என்றால் 3/8 என்று. அதை நீட்ட விரும்பவில்லை. ஏழாம் வாய்ப்பாட்டுப் பின்னங்களை மட்டும் ஒழுங்காகப் படியுங்கள், 14.28, 28.57, 42.85, 57.14. தசமம் தூவின கணக்கில் இவை மறைந்திருந்தால் கண்டுபிடிப்பது கஷ்டம்.

எல்லாம் செய்த பிறகும் இரண்டு ஆப்ஷனுக்கு நடுவில் நின்றால் விட்டுவிடாதீர்கள். தவறுக்குக் கால் மதிப்பெண்தான் போகும். மீதி மூன்றை நீங்கள் நியாயமாக ஒதுக்கியிருந்தால், இரண்டில் ஒன்றை அடிப்பது சராசரியில் லாபம். ஐந்தில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பதில்தான் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஆனால் அம்புக்குறி போட்டிருந்தால் அந்த இரண்டில் எது என்பதற்குப் பெரும்பாலும் துப்பு கிடைத்துவிடும்.

இதைப் போட்டுப் பாருங்கள்: 43.7% × 885 + 28.4² ÷ 9.7 − √1890 = ? ஆப்ஷன் 400, 413, 427, 441, 455. 45% × 900 என்று இரண்டையும் ஏற்றி, 28² ÷ 10 என்று எடுத்தால் 405 + 78 − 43 = 440, நேரே 441-இல் கொண்டுபோய் நிறுத்தும். 44% × 880 என்று ஒன்றை ஏற்றி ஒன்றை இறக்கினால் 387. 28² = 784-உடன் 2 × 28 × 0.4 = 22 சேர்த்து 806, அதை 9.7-ஆல் வகுக்க இரண்டையும் மூன்று சதவீதம் ஏற்றினால் 830 ÷ 10 = 83. √1890-க்கு 43² = 1849, மீதி 41, 41 ÷ 86 கிட்டத்தட்ட அரை, ஆக 43.5. 387 + 83 − 43.5 = 426.5, விடை 427.